கேட்காத காதுக்கு ஒரு பொங்கல் வாழ்த்து

கோலார் தங்கவயலில் எனக்கொரு நண்பர் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் ஒரே பலகையில் அமர்ந்து படித்தவர்கள் நாங்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்ட அவர், 1976-இல் சுரங்கத்தில் இறங்கினார். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்படும் வரையில், கால் நூற்றாண்டுக் காலம், நிலத்தடியில் டிரில் மிஷினைப் பிடித்துப் பாறையைத் துளைத்தவர். நான் வேலை தேடிப் பெங்களூருக்குப் போய்விட்டேன். ஆயினும் பொங்கல் வந்தால் ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லாமல் இருந்ததில்லை. முதலில் அஞ்சலட்டை, பிறகு தொலைபேசி, இப்போது கைப்பேசியில் குரல் செய்தி என்று காலத்திற்கேற்ப முறைதான் மாறியது.

சென்ற ஆண்டு பொங்கலன்று நான் அவருக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன். வாழ்த்துச் சொல்லி, வீட்டுச் செய்தி சொல்லி, காணும் பொங்கலன்று நேரில் வருவதாகவும் சொல்லியிருந்தேன். சற்று நேரத்தில் கைகூப்பிய படம் ஒன்று பதிலாக வந்தது. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு மாரிக்குப்பம் வண்டியேறிச் சென்றேன். வீடு பூட்டிக் கிடந்தது. மகளைப் பார்க்கக் கிருஷ்ணகிரிக்குப் போயிருப்பதாக அடுத்த வீட்டார் சொன்னார்கள். மனம் வருந்தித் திரும்பினேன்.

இரண்டு வாரம் கழித்துச் சந்தித்தபோது, அவர் ஒன்றும் பேசாமல் தம் கைப்பேசியை என் கையில் கொடுத்தார். அதில் என் குரல் செய்திகள் முப்பதுக்கும் மேல் இருந்தன. ஒன்றைக்கூட அவர் கேட்டிருக்கவில்லை. "நீ ஏதோ பேசறேன்னு தெரியும் மச்சான். என்ன பேசறேன்னுதான் தெரியாது. அதான் எல்லாத்துக்கும் ஒரு கும்பிடு போட்டுடுவேன்" என்றார். அவருக்குக் காது மந்தம் என்பது எனக்குத் தெரியும். அது எவ்வளவு என்பது அன்றுதான் தெரிந்தது. பல ஆண்டுகளாக நான் அனுப்பியது வாழ்த்தன்று. திறக்க முடியாத உறை. அந்தத் தவறு என்னுடையது. அதைத் திருத்திக்கொண்ட விதத்தைச் சொல்வதற்கே இக்கட்டுரை.

முதலில், ஏன் கேட்கவில்லை என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். அது புரியாவிட்டால், "கொஞ்சம் சத்தமாகப் பேசினால் போயிற்று" என்றே தோன்றும். பாறையைத் துளைக்கும் காற்றழுத்தப் பொறியின் இரைச்சல் நூறு டெசிபலைத் தாண்டக்கூடியது. அவ்விரைச்சலில் ஆண்டுக்கணக்கில் நிற்பவரின் உட்காதிலுள்ள நுண்மயிர்ச் செல்கள் சிறிது சிறிதாக அழிகின்றன. ஒருமுறை அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. எல்லா ஒலியும் ஒரே அளவில் குறைவதும் இல்லை. கீச்சென்ற உயர்ந்த சுருதியிலுள்ள ஒலிகள், சுமார் 4,000 ஹெர்ட்ஸ் அளவிலானவை, முதலில் போகின்றன. தாழ்ந்த சுருதியிலுள்ளவை நெடுங்காலம் எஞ்சி நிற்கின்றன.

பேச்சிலே உயிரொலிகளும் ம, ன போன்ற மூக்கொலிகளும் தாழ்ந்த சுருதியிலே வலுவாக ஒலிப்பவை. க, ச, ட, த, ப ஆகிய வல்லின ஒலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் கூறுகளோ மெலிந்தவை; பெரிதும் உயர்ந்த சுருதியில் இருப்பவை. ஆகவே கட்டு, தட்டு, பட்டு, சத்து என்னும் சொற்கள் யாவும் அவருக்கு ஏறக்குறைய ஒன்றாகவே கேட்கும். ஓசை வருகிறது, சொல் வருவதில்லை. குரலை உயர்த்தினால் ஏற்கெனவே கேட்கின்ற உயிரொலிதான் மேலும் பெரிதாகும். கேளாத மெய்யொலி கேளாமலேயே இருக்கும். எதிரே இருப்பவர் கத்தக் கத்த இவர் முகம் சுளிப்பது அதனாலேதான். வாழ்த்துக் காணொளிகளில் பேச்சின் பின்னணியில் நாதசுரமும் மேளமும் சேர்த்துவிடுகிறோமே, அது இத்தகையவருக்கு மிச்சமிருக்கும் கொஞ்ச ஒலியையும் மூடிவிடுகிறது.

"முகத்தைப் பார்த்தால் உதட்டசைவிலிருந்து புரிந்துகொள்வாரே" என்று சிலர் கூறுவர். ஓரளவுக்கு உண்மைதான். ஆனால் ப என்பதற்கும் ம என்பதற்கும் உதடு ஒரே விதமாகத்தான் மூடித் திறக்கிறது. "மாடு" என்றாலும் "பாடு" என்றாலும், "மாலை" என்றாலும் "பாலை" என்றாலும் பார்வைக்கு வேறுபாடு இல்லை. க என்பது தொண்டையருகே பிறப்பதால் உதட்டிலே தெரிவதே இல்லை. உதட்டைப் படிப்பவர் பாதியைக் கண்டு மீதியை ஊகிக்கிறார். அறிந்த செய்தியில் ஊகம் பலிக்கும். "எந்த நாள், எந்த வண்டி" போன்ற புதுச் செய்தியில் அது பிழைத்துவிடும்.

இத்தகைய நண்பர் நமக்கும் இருக்கிறாரா என்று எப்படி அறிவது? அவராகச் சொல்லமாட்டார். நம்மூரில் காது கேளாமை இன்னும் கேலிக்குரிய பொருளாகவே இருப்பதால், பலரும் அதை மறைத்தே வாழ்கிறார்கள். குறிப்பாற்றான் உணர வேண்டும். கேள்வி கேட்டு அனுப்பினாலும் கைகூப்பிய படமே பதிலாக வருமானால் ஐயம் கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பிய குரல் செய்தியை மறுமுனையில் ஒலிக்கச் செய்தால், அதன் அருகிலுள்ள சிறிய ஒலிவாங்கிச் சின்னம் நீல நிறமாக மாறும். பல நாளாகியும் அச்சின்னம் நீலமாகாமல் இருக்குமானால், உங்கள் குரல் அங்கே போய்ச் சேரவில்லை என்று பொருள். என் செய்திகள் அனைத்திலும் அது நிறம் மாறாமல்தான் இருந்திருக்கிறது. நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

இந்த ஆண்டு பொங்கலுக்கு முன்பே அவரிடம் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கேட்டேன்: "உனக்கு எப்படி அனுப்பினால் வசதி?" அவர் சிரித்துவிட்டு, வங்கியிலிருந்து வந்திருந்த ஒரு குறுஞ்செய்தியைக் காட்டினார். ஓய்வூதியம் வரவு வைக்கப்பட்ட செய்தி அது. "இது மாதிரி எழுதிப் போடு. எவ்வளவு, என்னைக்கு, எல்லாம் தெளிவா இருக்கு பார்" என்றார். என் இத்தனை ஆண்டு நட்புக்கு இல்லாத தெளிவு ஒரு வரவுச் செய்திக்கு இருந்திருக்கிறது!

எனவே என் கருத்து இதுதான். காது கேளாத நண்பருக்கு வாழ்த்து அனுப்புவதென்றால் எளிய எழுத்தே முதலிடம் பெற வேண்டும். காணொளி அனுப்ப ஆசையிருந்தால் அதிலே எழுத்து பொறித்து அனுப்ப வேண்டும். காணொளி அனுப்பினாலும் எழுத்தைத் தனியாகவும் அனுப்ப வேண்டும்.

எழுத்து என்றவுடன், பூவும் விளக்கும் கரும்பும் நிறைந்து நடுவே வளைந்து நெளிந்த எழுத்தில் "இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்" என்றிருக்கும் படத்தை நினைத்துவிடக் கூடாது. அது எழுத்தின் படமே தவிர எழுத்தன்று. கண்மங்கிய முதியவர் கைப்பேசியில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கி வைத்திருப்பார். தட்டச்சு செய்த செய்தி அந்த அளவிலேயே அவருக்குத் தெரியும். படத்திலுள்ள எழுத்து பெரிதாகாது. தட்டச்சு செய்ததை எடுத்து வேறு மொழியில் பெயர்த்துப் பார்க்கலாம். படத்தில் அது எளிதன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் படம் யாரோ யாருக்கோ செய்தது. அதிலே என் நண்பருக்கென்று ஒரு சொல்லும் இல்லை.

தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பும் பழக்கமும் இங்கே உதவாது. நாம் அப்படி எழுதியதை வாயால் ஒலித்துப் பார்த்துத்தான் பொருள் காண்கிறோம். தமிழ்ச் செய்தித்தாளை நாள்தோறும் வரி விடாமல் படிக்கும் என் நண்பருக்கு அது எட்டாக் கனியாகவே இருந்தது. அவர் எந்த எழுத்தில் சரளமாகப் படிக்கிறாரோ அந்த எழுத்தில் எழுதுவதே முறை.

எழுத்து உணர்ச்சியற்றது, குரலில்தான் அன்பு இருக்கிறது என்று என் மனைவி வாதிட்டாள். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் எழுத்து வறண்டுபோவது, நாம் எழுதும்போது வேறு மனிதராக மாறிவிடுவதால்தான். பேசும்போது "மச்சான்" என்பவன் எழுதும்போது "அன்புடையீர்" என்று தொடங்கினால் அதில் ஈரம் எப்படி இருக்கும்? என் நண்பருக்கு ஐம்பது வயது வரை ஓரளவு நன்றாகக் காது கேட்டது. என் குரல் அவர் நினைவில் இருக்கிறது. நான் பேசுவதுபோலவே எழுதினால், அவர் அதை என் குரலிலேயே மனத்துக்குள் படித்துக்கொள்வார். இது நானாகச் சொல்வதன்று; அவர் சொன்னது.

இனிக் காணொளிக்கு வருவோம். பானை பொங்குவதை அவருக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. சென்ற மாதம் போகிக்கு முன்பே ஒத்திகை பார்த்தேன். முதல் முயற்சி தோல்வி. நாற்பது விநாடிக்குள் தொண்ணூறு சொற்கள் பேசியிருந்தேன். அத்தனையையும் எழுத்தாகப் போட்டபோது, ஒவ்வொரு வரியும் ஒன்றரை விநாடி நின்று மறைந்தது. பேச்சைத் தானே எழுத்தாக்கும் வசதியையும் பயன்படுத்திப் பார்த்தேன். தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் கலந்த எங்கள் தங்கவயல் பேச்சில் அது தடுமாறிப் பெயர்களையும் ஊர்களையும் வேறாக எழுதியது. கேட்கும் காதுள்ளவர் பிழையைக் குரலால் திருத்திக்கொள்வார். கேளாதவருக்கு அந்தப் பிழையே செய்தியாகிவிடும்.

அதன்பின் முறையை மாற்றினேன். முதலில் பேசிவிட்டுப் பிறகு எழுதாமல், முதலில் எழுதிவிட்டு அதையே பேசினேன். எழுதியவை இவைதாம்:

மச்சான், பொங்கல் வாழ்த்து!
பானை இப்போதான் பொங்குச்சு. கிழக்குப் பக்கமா வழிஞ்சுது.
[எல்லோரும் சேர்ந்து: "பொங்கலோ பொங்கல்!"]
பேத்தி முதல் தடவையா அவளே பானையில் பால் ஊத்தினா.
காணும் பொங்கலன்று, ஜனவரி 17 சனிக்கிழமை, வர்றேன்.
காலை வண்டியில் வந்து சாம்பியன் ஸ்டேஷனில் இறங்குவேன்.
வீட்டில் இருப்பியா? இருந்தா "இருப்பேன்"னு எழுதிப் போடு.

ஏழு துண்டுகள், ஏறக்குறைய நாற்பது சொற்கள். சிறிய துண்டுகளுக்கு மூன்று விநாடியும் பெரியவற்றுக்கு ஐந்து விநாடியும் கொடுத்தேன். மொத்தம் 31 விநாடி. எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதற்கு எனக்கு நானே வகுத்துக்கொண்ட அளவு ஒன்றுண்டு: அவ்வரியை நிதானமாக வாய்விட்டு ஒன்றரை முறை படிக்கும் நேரமாவது அது திரையில் இருக்க வேண்டும். பார்ப்பவர் வரியை மட்டும் படிப்பதில்லை. படித்துவிட்டு நிமிர்ந்து பானையையும் பேத்தியையும் பார்க்க வேண்டாமா?

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆகவே ஒரு வரிக்கு நான்கைந்து சொற்களும், ஒரு நேரத்தில் இரண்டு வரிகளுமே கைப்பேசித் திரைக்கு ஏற்றவை. வரியை எங்கே மடக்குவது என்பதிலும் கவனம் தேவை. "சாம்பியன்" என்பது ஒரு வரியிலும் "ஸ்டேஷனில்" என்பது அடுத்த வரியிலும் விழுந்தால் படிப்பவர் ஒரு கணம் தடுக்கி விழுவார். பொருள் முடியும் இடத்தில் மடக்க வேண்டும். வெள்ளை எழுத்து வெயில் பட்ட பானையின் மேல் காணாமல் போகும்; எனவே எழுத்துக்குப் பின்னே ஒரு கரிய பட்டை வைத்தேன். திரையின் அடிவிளிம்பை ஒட்டி வைக்கவில்லை. காணொளியை ஓட்டும் பொத்தான்களும் கோடும் அங்கேதான் வந்து அமரும்.

மூன்றாம் துண்டை அடைப்புக்குள் வைத்ததற்குக் காரணம் உண்டு. அது என் பேச்சன்று. படத்துக்கு வெளியே நிற்பவர்களின் கூவல். அதை எழுதாமல் விட்டால், பானையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பேத்தி திடீரெனத் திரும்பிச் சிரிப்பது அவருக்குப் புரியாது. ஒலியால் ஒரு நிகழ்ச்சி நடக்குமானால் அதையும் எழுத்தில் குறித்தாக வேண்டும். எல்லா ஒலியையும் குறிக்க வேண்டியதில்லை. காகம் கரைந்ததைச் சொல்லிப் பயனில்லை.

எழுத்தைக் காணொளியோடு சேர்ப்பதில் இரண்டு முறைகள் உண்டு. இதன் வரலாறு சுவையானது. 1972-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து டபிள்யூ.ஜி.பி.எச். தொலைக்காட்சி நிலையம், ஜூலியா சைல்டு நடத்திய 'தி ஃபிரெஞ்ச் செஃப்' என்னும் சமையல் நிகழ்ச்சியை எழுத்துடன் ஒளிபரப்பியது. காது கேளாதவர்க்கென நாடு முழுவதும் எழுத்துடன் ஒளிபரப்பப்பட்ட முதல் நிகழ்ச்சி அதுவே என்பர். அதில் எழுத்து படத்தின் மேலேயே பொறிக்கப்பட்டிருந்தது. பார்ப்போர் அனைவருக்கும் தெரிந்தது. 1980-இல்தான், தனிக் கருவி வைத்திருப்போர்க்கு மட்டும் எழுத்து தெரியும் முறை அங்கே நடைமுறைக்கு வந்தது. முதலாவதைப் பொறித்த எழுத்து என்றும், இரண்டாவதைப் பிரித்தெடுக்கக்கூடிய எழுத்து என்றும் கூறலாம். ஒன்று சுவரில் தீட்டிய பெயர். மற்றது ஆணியில் மாட்டிய பலகை.

யூடியூப் போன்ற இடத்தில் ஏற்றுவதானால் மாட்டிய பலகையே நல்லது. வேண்டியவர் எழுத்தை வரவழைக்கலாம், அளவைப் பெரிதாக்கலாம், பிழையிருந்தால் நாம் திருத்தலாம். ஆனால் வாட்ஸ்அப்பில் நண்பருக்கு நேரே அனுப்பும் காணொளியோடு அந்தத் தனி எழுத்துக் கோப்பு சேர்ந்து போகாது. வழியிலேயே பலகை கழன்று விழுந்துவிடும். நம் கைப்பேசியில் எழுத்து தெரியும், அவர் கைப்பேசியில் தெரியாது. ஆகையால் இங்கே சுவரில் தீட்டத்தான் வேண்டும். காணொளியைத் தொகுக்கும் செயலியில் எழுத்து சேர்க்கும் பகுதிக்குச் சென்று, ஒவ்வொரு துண்டையும் உரிய விநாடியில் வைத்து, முழுவதையும் புதிய காணொளியாகச் சேமித்து, அந்தப் புதியதை அனுப்ப வேண்டும். பழையதை அனுப்பிவிட்டு "எழுத்து போட்டேனே" என்று வியப்பவர்களில் நானும் ஒருவன்.

அனுப்பும் முன் ஒரு சோதனை செய்தேன். கைப்பேசியின் ஒலியை முழுவதும் அணைத்து, இச்செய்தியை அறியாத அடுத்த வீட்டுப் பையனிடம் ஒரே ஒருமுறை ஓட்டிக் காட்டினேன். பிறகு, "யார், என்றைக்கு, எங்கே வருகிறார்? பதிலாக என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டேன். மூன்றுக்குச் சரியாகச் சொன்னான். நிலையத்தின் பெயரைத் தவறவிட்டான். அந்தத் துண்டுக்கு ஒரு விநாடி கூட்டினேன். எழுதியவரே சோதித்தால் பயனில்லை. நமக்குச் செய்தி முன்பே தெரியும். எழுத்து ஓடினாலும் மனம் நிரப்பிக்கொள்ளும்.

காணொளிக்குக் கீழே அதே வாழ்த்தைத் தனிச் செய்தியாகவும் தட்டி அனுப்பினேன். காணொளியின் எழுத்து ஓடி மறைவது. தனி எழுத்து நின்று காத்திருப்பது. நாளையும் வண்டியையும் மறுபடி பார்க்க வேண்டுமானால் முப்பது விநாடியையும் மீண்டும் ஓட்ட வேண்டியதில்லை. நேரமில்லாதவர் இரண்டில் ஒன்றை மட்டும் செய்வதானால், இந்தத் தனி எழுத்தையே செய்யுங்கள் என்பேன். அதற்கு எந்தச் செயலியும் வேண்டாம். இரண்டு நிமிடம் போதும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் எல்லையையும் சொல்லியாக வேண்டும். இது என் நண்பருக்குப் பொருந்திய வழி. அவர் தமிழைக் காதால் கேட்டு வளர்ந்து, படித்து, நடுவயதில் செவித்திறனை இழந்தவர். பிறவியிலேயே காது கேளாதவரின் நிலை வேறு. எங்கள் தெருவில் அப்படியொரு பெண் இருக்கிறாள். பெங்களூரில் வேலை செய்கிறாள். அவளுடைய முதல் மொழி இந்தியச் சைகை மொழி. அது தமிழைக் கையால் காட்டுவதன்று. தனக்கென இலக்கணம் உடைய தனி மொழி. "எங்கே", "என்ன" போன்ற வினாச்சொற்கள் அதிலே பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில் வருகின்றன. வீட்டில் தமிழ் புழங்கினாலும் அவள் பள்ளியில் படித்தது கன்னட எழுத்தும் ஆங்கிலமும்தான். என் நண்பருக்குச் செய்த தமிழ் எழுத்துக் காணொளி அவளுக்கு இன்னொரு பூட்டிய கதவாகவே இருந்திருக்கும்.

அவளுக்கு நான் அனுப்பியது கன்னடத்தில் மூன்று சிறு வாக்கியங்கள். ஒரு வாக்கியத்துக்கு ஒரே செய்தி; பழமொழி இல்லை, சிலேடை இல்லை. கூடவே, கைகள் இரண்டும் இடுப்பு வரை திரையில் தெரியும்படி நின்று, பண்டிகை வாழ்த்துக்குரிய சைகையைச் செய்து காட்டிய சிறு காணொளியும் அனுப்பினேன். தில்லியில் 2015-இல் நிறுவப்பட்ட இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் பதினாயிரம் சொற்களுக்கு அகராதிக் காணொளிகளை வெளியிட்டிருக்கிறது. அதைப் பார்த்துப் பழகினேன். என் சைகையில் ஒரு பிழை இருந்ததென்று அவள் திருத்தி ஒரு காணொளி அனுப்பினாள். அதுவே பெரிய பரிசு. ஆகவே முதல் விதி, "எழுத்து போடு" என்பதுகூட அன்று, "எப்படி அனுப்பினால் உனக்கு வசதி?" என்று கேட்பதுதான்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் வருபவை அவர்களுக்கு எட்டும் வடிவில் இருப்பதற்கு அரசு வழிசெய்ய வேண்டும் என்றும், தொலைக்காட்சியில் சைகை மொழியும் எழுத்தும் இடம்பெற வேண்டும் என்றும் கூறுகிறது. நல்ல சட்டம்தான். ஆனால் எனக்கும் என் நண்பருக்கும் இடையே எந்தச் சட்டமும் வரப்போவதில்லை. நான் குரலாக அனுப்பியதற்கு யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை; அவரும் கேட்கவில்லை. அதனாலேயே அந்தக் கடமை முழுவதும் என்னுடையதாகிறது. கேட்கும் கருவியைப் போட்டுக்கொள், யாரையாவது அருகில் வைத்துக் கேட்டுத் தெரிந்துகொள் என்று சுமையை அவர் தலையில் ஏற்றுவது எளிது. ஒரு மனிதன் தனக்கு வந்த வாழ்த்தைப் பேரப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டுத்தான் அறிய வேண்டுமென்றால், அது அவனுக்கு வந்த வாழ்த்தாகுமா?

கர்நாடகத்தில் சங்கராந்தியன்று எள்ளும் வெல்லமும் கலந்து கொடுத்து, இதைத் தின்று நல்லதையே பேசுங்கள் என்று சொல்வது வழக்கம். தங்கவயலில் பொங்கல் வைக்கும் எங்கள் வீடுகளுக்கும் அக்கம்பக்கத்துக் கன்னடக் குடும்பங்களிலிருந்து அது வரும். நல்லதைப் பேசினால் மட்டும் போதாது, சேரும்படியும் பேச வேண்டும் என்பது எனக்கு இப்போதுதான் விளங்கியது.

பொங்கலன்று காலை ஏழரை மணிக்குக் காணொளியையும் அதன் கீழே எழுத்தையும் அனுப்பினேன். எட்டு மணிக்குள் பதில் வந்துவிட்டது. இம்முறை கைகூப்பிய படம் இல்லை. முதலில் "இருப்பேன்" என்றிருந்தது. அதன் கீழே இன்னொரு வரி: "பேத்தி பால் ஊத்தினப்போ கொஞ்சம் சிந்திட்டா. நீ பாக்கலையா?"

உண்மையில் நான் பார்க்கவில்லை. திரும்ப ஓட்டிப் பார்த்தேன், சிந்தித்தான் இருந்தது. சனிக்கிழமை சாம்பியன் நிலையத்தில் நான் இறங்கியபோது, அவர் நடைமேடையிலேயே நின்றுகொண்டிருந்தார்.